எடைக்கல்லை இரவு ஷிப்டுக்கும் கொடுங்கள்: ஆலை நிர்வாகத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலை நிர்வாகத்தினருக்கும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைமைக்கும்,

வணக்கம். இரவில் லைனை நிறுத்தினான், தராசில் கைவைத்தான் என்று இட்லி மாவு பேக்கிங் பிரிவின் இளம் டெக்னீஷியனுக்குக் கொடுக்கப்பட்ட மெமோவைப் பற்றி எழுதுகிறேன். அதன் வாசகம் தங்களுக்குத் தெரியும். அதை எழுதியவர்களும் தாங்களே. அந்த இரவு லைன் 40 நிமிடம் நின்றதும், காலையில் இரண்டு வண்டிகள் தாமதமாகப் புறப்பட்டதும் உண்மைதான். ஆனால் லைன் ஏன் நின்றது என்பதைப் பற்றி மெமோவில் ஒரு வரிகூட இல்லை. இரவு ஷிப்டின் மேற்பார்வையாளன் என்ற முறையில் அந்த வரிகளை நான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் பிரிவில் பவுச்சை மாட்டும் ஸ்டாண்டே தராசின் மேல்தான் இருக்கிறது. ஷிப்ட் தொடங்கும்போது ஸ்டாண்டின் எடையை டேர் பொத்தானை அழுத்திக் கழித்துவிட்டால், டிஸ்பிளேயில் பூஜ்ஜியம் வரும். பிறகு பவுச்சை மாட்டுவோம். பவுச்சின் எடையையும் சேர்த்து ஒரு கிலோ மாவுக்குரிய அளவு வந்ததும் வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஒரு பவுச்சை எடுத்ததும் அடுத்தது மாட்டப்படுவதால், வெறும் ஸ்டாண்டுக்குத் தராசு என்ன காட்டுகிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. ஃபிலிம் ரோல் தீர்ந்து மாற்றும்போது மட்டுமே அது கண்ணில் படும்.

வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத அந்தத் தம்பி பார்த்தது அந்த இடைவெளியைத்தான். நள்ளிரவை ஒட்டி ரோல் மாற்றும்போது வெறும் ஸ்டாண்டுக்கு 11 கிராம் காட்டியது. பேக்கிங் செய்யும் அம்மா வழக்கம்போல டேர் பொத்தானை அழுத்தப் போனார். "அக்கா, ஒரு நிமிஷம் அதை அழுத்தாதீங்க" என்று அவன் தடுத்தான். பொத்தானை அழுத்திவிட்டால் 11 மறுபடி பூஜ்ஜியமாகிவிடும். அதற்கு முன் மூடிய பவுச்சுகள் என்ன எடையில் போயின என்பதற்கான தடயமும் அதோடு அழிந்துவிடும். ஒன்றுமே இல்லாதபோது 11 காட்டும் தராசு, 989 கிராம் மாவு விழுந்ததுமே ஒரு கிலோ நிறைந்துவிட்டதென்று வால்வை மூடச் சொல்லும்.

அவன் உடனே எங்களிடம் எடைக்கல் கேட்டான். எடைக்கல் தரக் கட்டுப்பாட்டு அறையின் பீரோவில் பூட்டப்பட்டிருக்கிறது. பீரோவின் சாவி மாலையில் வீட்டுக்குப் போய்க் காலையில் திரும்பி வருகிறது. இந்த மடலில் நான் கேட்கப் போவது அந்தச் சாவியைப் பற்றித்தான் என்பதால், இதைச் சற்று நின்று படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆலையில் ஒரு நாளில் பாதிக்குமேல் பேக்கிங் நடப்பது இரவில். தராசு சரியா என்று பார்க்கும் ஒரே பொருள் இரவில் எங்களிடம் இல்லை.

எடைக்கல் இல்லாததால் அவன் தன் வழியில் ஒன்று செய்தான். பராமரிப்புப் பிரிவில் கிடந்த, குழாய்களை இணைக்கும் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபிளாஞ்சைக் கழுவித் துடைத்து, உறையில் போட்டு, பகலில் தங்கள் அலுவலர் எடைக்கல் வைத்துச் சோதித்து முடித்த கையோடு அதே தராசில் வைத்துப் பார்த்தான். 1,246 கிராம் என்று குறித்துக்கொண்டான். அன்றிரவு கழுவும் வேலை முடிந்து பேக்கிங் தொடங்கியபோது வெறும் ஸ்டாண்டுக்கு 0, ஃபிளாஞ்சு வைத்தால் 1,246. சிறிது நேரம் கழித்து, பொத்தானைத் தொடாமல், வெறும் ஸ்டாண்டுக்கு 4, ஃபிளாஞ்சோடு 1,250. பிறகு 9, 1,255. இரண்டு எண்களும் ஏறின. அவற்றின் இடைவெளி மட்டும் மாறவே இல்லை. தராசின் அளவுகோலே கெட்டிருந்தால் எடை கூடக்கூடப் பிழையும் கூடி, அந்த இடைவெளி மாறியிருக்கும். மாறாமல் இருந்ததால், நகர்ந்தது பூஜ்ஜியம்தான் என்று அவன் முடிவு செய்தான். டிப்ளமோ முடித்து வந்த பையன் ஒரு இரும்புத் துண்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தான் என்பதை மெமோ எழுதியவர்கள் கவனிக்க வேண்டும்.

பூஜ்ஜியம் ஏன் இரவில் மட்டும் நகர்கிறது என்பதற்கும் அவனிடம் பதில் இருந்தது. இரவு ஷிப்டுக்கு மாறும் நேரத்தில் மேசை, ஸ்டாண்டு, தரை எல்லாவற்றையும் ஹோஸ் பிடித்து வெந்நீரில் கழுவுகிறோம். தராசிலிருந்து டிஸ்பிளேவுக்குப் போகும் கேபிளின் கனெக்டர் மேசைக்குக் கீழே தொங்குகிறது. அதன் ரப்பர் வளையம் தேய்ந்துபோய்விட்டது. எடையை உணரும் லோட் செல்லுக்குள் இருக்கும் நான்கு மின்தடைகளின் மிகச் சிறிய மாற்றத்தைத்தான் தராசு எடையாகப் படிக்கிறது. கனெக்டரின் ஊசிகளுக்கிடையே ஈரம் படிந்தால் அந்தத் தடைகளில் ஒன்றுக்கு இணையாக ஒரு கள்ளப் பாதை உண்டாகிறது. சாதாரணமாக ஆயிரக்கணக்கான மெகா ஓம் இருக்க வேண்டிய காப்புத் தடை 100 மெகா ஓமுக்கு இறங்கினாலே, நம்முடையதைப் போன்ற 10 கிலோ லோட் செல்லில் ஏறக்குறைய 4 கிராம் பொய்யாக வந்துவிடும். மின்சாரப் பணியாளர்கள் பார்வையில் 100 மெகா ஓம் என்பது மிக நல்ல காப்பு. மோட்டாருக்கு அது போதும், தராசுக்குப் போதாது. அவன் கேபிளை டிஸ்பிளேவிலிருந்து கழற்றிவிட்டுக் குறைந்த மின்னழுத்தத்தில்தான் அளந்தான். காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர் கருவியை வைத்தால் லோட் செல்லே போய்விடும் என்று எங்கள் ஃபிட்டருக்கும் சொல்லிக் கொடுத்தான். தராசில் எடையளவு ஆய்வாளர் வைத்த முத்திரையை அவன் தொடவில்லை. "தராசில் கைவைத்தான்" என்று மெமோவில் இருக்கும் சொற்கள் தவறானவை.

இனி, பகலில் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்ததே என்ற தங்கள் கேள்விக்கு வருகிறேன். சரியாகத்தான் இருக்கும். விடியும்போது கனெக்டர் காய்ந்துவிடுகிறது. காலை பத்து மணிக்கு எடைக்கல் வைத்தால் தராசு ஒரு கிராம்கூடப் பிசகாது. கழுவுவதற்கு முன் சோதித்துவிட்டு, கழுவிய பின் நம்பி வேலை செய்யச் சொல்வது எப்படிச் சோதனையாகும் என்று எனக்குப் புரியவில்லை.

மாவுக் கணக்கு இடிக்கவில்லையே என்றும் கேட்கப்பட்டது. ஈரம் ஏறும்போது பூஜ்ஜியம் மேலே போவதால் பவுச்சுகள் குறைவாக நிரம்புகின்றன. இடையில் டேர் பொத்தானை அழுத்திப் பூஜ்ஜியமாக்கிவிடுவதால், மூன்று மணிக்கு மேல் ஈரம் காயும்போது அது பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கி, பவுச்சுகள் அதிகமாக நிரம்புகின்றன. முன்னிரவில் குறைந்தது பின்னிரவில் கூடி, ஷிப்ட் முடிவில் அரைத்த மாவும் அடைத்த பவுச்சும் ஏறக்குறைய ஒத்துப் போகின்றன. கணக்கு ஏட்டுக்கு இதில் மனக்குறை எதுவும் இல்லை. ஆனால் கடையில் வாங்குகிறவர் ஷிப்டின் சராசரியை வாங்குவதில்லை. ஒரு பவுச்சை வாங்குகிறார்.

ஒரு கிலோ பொட்டலத்துக்கு 15 கிராம் வரை சட்டம் அனுமதிக்கிறது, 11 கிராமுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அந்த 15 கிராமைத் தனித்தனிப் பொட்டலத்தின் பிழைக்குத்தான் தருகின்றன. எடுக்கும் மாதிரிகளின் சராசரி, உறையில் அச்சிட்ட எடைக்குக் குறையக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. முன்னிரவுப் பெட்டிகள் ஒரு கடையில் இருக்கும்போது ஆய்வாளர் அங்கே மாதிரி எடுத்தால், பின்னிரவில் நாம் வாரி வழங்கியதை அவரிடம் சொல்லித் தப்பிக்க முடியாது. மேலும், லைனை நிறுத்திய அந்த இரவில் டிஸ்பிளே காட்டியது 11 அல்ல, 19. கடைசியாக அடைத்த பெட்டியை டிஸ்பாட்ச் தராசில் வைத்து, பவுச்சின் எடையைக் கழித்துப் பார்த்தோம். 982, 981 என்றுதான் வந்தது. அதற்குப் பிறகும் லைனை ஓட விட்டிருந்தால் எனக்கல்லவா மெமோ வந்திருக்க வேண்டும்?

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நுழைவாயிலில் விரல் ரேகை எந்திரம் ஒரு நாள் மக்கர் செய்தபோது மதியத்துக்குள் ஆள் வந்து சரிசெய்துவிட்டார். நாங்கள் வரும் நேரம் ஒரு நிமிடம்கூடப் பிசகாமல் அளக்கப்படுகிறது. அதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. நாங்கள் அனுப்பும் மாவை அளக்கும் கேபிளுக்கு ஒரு ரப்பர் வளையம் கேட்டால், "அடுத்த காலாண்டு பட்ஜெட்டில் பார்க்கலாம்" என்கிறார்கள். இப்போதைக்கு பேக்கிங் பெண்கள் அந்தக் கனெக்டரின் மேல் ஒரு பவுச்சைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நம் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பவுச்சுதான். அதற்குள் வியர்த்து ஈரம் தங்குமே தவிர, அது ஒரு தீர்வல்ல என்று அந்தத் தம்பியே சொல்கிறான். கோபத்தில் விலகிப் போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. சான்றிதழ் பெற்ற ஒரு கிலோ எடைக்கல் ஒன்று, அதன் பெட்டியோடு, இரவு மேற்பார்வையாளரின் பொறுப்பில் இருக்க வேண்டும். கழுவும் வேலை முடிந்து அரை மணி நேரத்துக்குப் பின் ஒருமுறையும், ஒவ்வொரு ரோல் மாற்றத்தின்போதும், டேர் பொத்தானை அழுத்துவதற்கு முன் வெறும் ஸ்டாண்டின் எண்ணையும் எடைக்கல் வைத்த எண்ணையும் ஏட்டில் குறிக்க எங்களை அனுமதிக்க வேண்டும். வெறும் ஸ்டாண்டின் எண் 5 கிராமைத் தாண்டினால் லைனை நிறுத்தி, முந்தைய குறிப்புக்குப் பின் அடைத்த பெட்டிகளைத் தனியே வைக்கும் உரிமை டெக்னீஷியனுக்கு எழுத்தில் தரப்பட வேண்டும். கனெக்டரை மேசைக்கு மேலே, ஹோஸ் நீர் படாத இடத்துக்கு மாற்றி வளையத்தைப் புதிதாகப் போட வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும்தான் இப்போது செய்ய முடியும் என்றால், எடைக்கல்லைக் கொடுங்கள். மற்றவற்றை அது காட்டும் எண்களே தங்களிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளும்.

மெமோவைத் திரும்பப் பெறுமாறும் பணிவோடு வேண்டுகிறேன். அதற்கு முன் நேரில் பார்க்க விரும்பினால், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஒருவர், பீரோச் சாவியோடு, வரும் வாரத்தில் ஏதாவது ஓர் இரவு பத்தரை மணிக்கு வந்து ஒன்றரை மணி வரை எங்களோடு இருக்கட்டும். ஃபிளாஞ்சும் நோட்டுப் புத்தகமும் என் மேசையில் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரவு ஷிப்ட் மேற்பார்வையாளர்,
மாவு பேக்கிங் பிரிவு