66 வயதுக்காரர் கையில் 7.26 கிலோ குண்டு: மாவட்ட மூத்தோர் தடகளப் போட்டி ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரியில் போன மாதம் நடந்த போட்டியில் கலந்துகொண்ட 62 வயது ஓட்டக்காரன் எழுதுகிறேன். அன்று மைதானத்தில் என்ன வாக்குவாதம் நடந்தது என்பது உங்களுக்கே தெரியும், அதை மறுபடியும் விவரிக்கவில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றுதான். 35 வயதிலிருந்து ஐந்து ஐந்து வருடமாகப் பிரித்து, அந்தந்தப் பிரிவுக்குத் தனி முடிவு அறிவியுங்கள். உலக மூத்தோர் தடகள அமைப்பு வகுத்திருப்பதும் இதைத்தான். நீங்கள் வைத்ததோ '35 முதல் 49', '50க்கு மேல்' என்று இரண்டே பிரிவு. 50 வயதுக்காரரும் 74 வயதுக்காரரும் ஒரே கோட்டில் நின்றார்கள்.

குண்டு எறிதலில் நடந்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை. போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த அண்ணனுக்கு 66 வயது, மாந்தோப்பு வைத்திருக்கிறார். 60 முதல் 69 வயது வரை ஆண்களுக்கு 5 கிலோ குண்டு என்பது விதி. வருடம் முழுக்க அந்த எடையில்தான் பயிற்சி எடுத்தார், ஒன்பது மீட்டரைத் தாண்டுவார். போட்டியன்று ஆண்கள் எல்லோருக்கும் ஒரே குண்டு, 7.26 கிலோ. அது 49 வயது வரைக்கும் உள்ள எடை. 50 முதல் 59 வரை 6 கிலோ, 70 முதல் 79 வரை 4 கிலோ, 80க்கு மேல் 3 கிலோ என்று படிப்படியாக இறங்கும். கேட்டதற்கு, "வேற குண்டு இல்லை, இஷ்டம் இருந்தா போடுங்க" என்று பதில் வந்தது. போட்டார். பழகிய எடையை விட இரண்டே கால் கிலோ கூடுதல் என்பதால் குண்டைக் கழுத்தோடு நிறுத்திவைக்கவே சிரமப்பட்டார், முழங்கை கீழே இறங்கிவிட்டது. முழங்கை இறங்கினால் காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வரவேண்டிய விசை வராது, பாரம் அத்தனையும் தோள் மூட்டின் தசைநாரில் விழும். இரண்டாவது எறிதலிலேயே தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாங்காய் பறிக்கிற தொரட்டியைக்கூட அந்தக் கையால் இன்னும் தூக்க முடியவில்லை.

வேறு குண்டு இல்லை என்பதும் சரியல்ல. 5 கிலோ குண்டு 18 வயதுக்குட்பட்ட பையன்கள் எறிவது. 6 கிலோ 20 வயதுக்குட்பட்டோருக்கு, 4 கிலோ பெண்களுக்கு. 50 முதல் 74 வயது வரை பெண்களுக்கு வேண்டிய 3 கிலோ குண்டு 18 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகள் எறிவது. அதாவது, பள்ளி, கல்லூரி விளையாட்டு அறைகளில் கிடக்கிற சாமான்களே எங்களுக்குப் போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு நாளுக்கு இரவல் கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

அப்புறம், "ஓடுறவன் எந்த வயசுலயும் ஓடுவான், எதுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு பிரிவு?" என்று உங்களில் ஒருவர் கேட்டார். கனடாவின் எட் விட்லாக் 2004இல் 73 வயதில் மாரத்தானை 2 மணி 54 நிமிடம் 48 வினாடியில் ஓடினார். அதே மனிதர் 2016இல் 85 வயதில் ஓடியபோது 3 மணி 56 நிமிடம் ஆனது. இரண்டுமே அந்தந்த வயதில் வியக்க வைத்த ஓட்டங்கள். ஆனாலும் பன்னிரண்டு வருடத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடிவிட்டது. விட்லாக்குக்கே அப்படி என்றால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

100 மீட்டரையும் பார்ப்போம். அமெரிக்காவின் வில்லி கால்ட் 2011இல் 50 வயதில் 10.88 வினாடியில் ஓடினார். பிரிட்டனின் ரான் டெய்லர் 1994இல் 60 வயதில் 11.70. அமெரிக்காவின் பேட்டன் ஜோர்டான் 1997இல் 80 வயதில் 14.35. முதல் பத்து வருட இடைவெளிக்கு ஒரு வினாடிகூட இல்லை, அடுத்த இருபது வருடத்துக்கு இரண்டரை வினாடிக்கும் மேல். வயது ஏற ஏறச் சரிவும் வேகமாகிறது. காலை எடுத்துவைக்கிற வேகம் வயதானாலும் அவ்வளவாகக் குறைவதில்லை. காலடியின் நீளம்தான் குறுகுகிறது, பாதம் தரையில் ஒட்டியிருக்கும் நேரம் கூடுகிறது. வேகமாகச் சுருங்கி விசை தருகிற தசையிழைகள் மெலிந்துபோவது இதற்கு முக்கியக் காரணம். பயிற்சியால் இதைத் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது.

இப்போது என் ஓட்டத்துக்கு வருகிறேன். 51 வயதுத் தம்பி ஒருவர் 13.9 வினாடியில் முதலாவது வந்தார். எனக்கு 14.6, இடமே இல்லை. கால்டின் 10.88ஐ 13.9ஆல் வகுத்தால் தம்பியின் வேகம் கால்டின் வேகத்தில் 78 சதவீதம். டெய்லரின் 11.70ஐ 14.6ஆல் வகுத்தால் என்னுடையது 80. இது கைக்கணக்குதான். ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனிக் காரணி போட்ட அட்டவணையை உலக அமைப்பே வைத்திருக்கிறது, பல போட்டிகளைச் சேர்த்து ஆடும் பென்டத்லான், டெகத்லானில் புள்ளி போடுவதே அதை வைத்துத்தான். தம்பி நன்றாக ஓடினார், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 50ஐத் தாண்டிய எல்லோரும் ஒரே வயது என்று முடிவு செய்தது அவர் இல்லையே.

ஆள் குறைவு, தனித்தனியாக ஓடவிட நேரமில்லை என்பீர்கள். சேர்த்தே ஓடவிடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முடிவுத்தாளில் பிரிவைத் தனியாக எழுதினால் போதும். ஒரே கோப்பைதான் இருக்கிறது என்றால் அந்த அட்டவணைப்படி கணக்குப் போட்டுக் கொடுங்கள்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்திருக்கிறது. அன்றைய முடிவை வைத்துத்தானே மாநிலப் போட்டிக்குப் பெயர் அனுப்பினீர்கள்? அங்கே ஐந்து வருடப் பிரிவுதான். நம் மாவட்டத்திலிருந்து 50-54 பிரிவில் ஆட்கள் முட்டி மோதுகிறார்கள், 60க்கு மேல் ஒரு பெயர்கூட இல்லை. கே.ஆர்.பி. அணைச் சாலையில் விடியற்காலையில் ஒரு தடவை வந்து பாருங்கள், 60ஐத் தாண்டியவர்கள் எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று தெரியும்.

நேரமில்லை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. சிறப்பு விருந்தினர் வரும்வரை காத்திருந்து, பொன்னாடைகள் முடிந்து, முதல் ஓட்டம் தொடங்கியது உச்சி வெயிலில். "இந்த வயசுலயும் இவ்வளவு உற்சாகமா!" என்று மேடையில் பேசினார்கள். வயதைப் பற்றி அன்று கவலைப்பட்டது அந்த மைக் மட்டும்தான்.

கோபத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளமில்லாமல் இதை நடத்துகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அடுத்த போட்டிக்கான விண்ணப்பத்தில் பிறந்த தேதியைக் கேட்டு, போட்டி தொடங்கும் நாளில் உள்ள வயதை வைத்து ஐந்து வருடப் பிரிவில் பதியுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய எடையில் குண்டும் வட்டும் ஈட்டியும் வைக்க வேண்டும். மாநிலத்துக்கு அனுப்பிய பட்டியலில் திருத்தம் செய்ய இன்னும் வாய்ப்பிருந்தால், அன்றைய முடிவுத்தாளை வயது வாரியாகப் பிரித்து மறுபடியும் அனுப்புங்கள். பிரித்து எழுதுகிற வேலையை நாங்களே செய்து தருகிறோம். விளையாட்டு அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொன்னால், குண்டுகளையும் நாங்களே போய் எடுத்துவந்துவிடுவோம்.

இப்படிக்கு,
60-64 பிரிவு ஓட்டக்காரன்,
கிருஷ்ணகிரி