நலமாக வாழும் ஆண்டுகளையும் கணக்கெடுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். தமிழ்நாட்டில் மனிதர்களின் சராசரி ஆயுள் கூடியிருப்பதை ஒவ்வொரு மேடையிலும் சொல்கிறீர்கள். அது உண்மை. அதற்காக உழைத்த செவிலியர்களையும் மருத்துவர்களையும் நான் அறிவேன். கூடிய அந்த ஆண்டுகளில் எத்தனை ஆண்டுகள் எங்கள் பெரியவர்கள் தாமாக எழுந்து நடமாடுகிறார்கள் என்பதையும் மாவட்டம்தோறும் கணக்கெடுத்து வெளியிடுங்கள். இந்த மடலின் கோரிக்கை அதுதான்.

இந்த ஆண்டு என் அம்மா விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எழுபதைத் தாண்டியவர். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிவு. அதுவரை சமையலும் கோலமும் ரேஷன் கடையும் அவர் பொறுப்பு. மருத்துவமனையில் முதலில் சர்க்கரை அதிகம் என்றார்கள், பிறகு இதய ஸ்கேனுக்கு வரிசை, அதன்பின் காப்பீட்டு ஒப்புதல் வரவில்லை. அறுவை சிகிச்சை நடந்தபோது இரண்டாவது வாரம் ஆகியிருந்தது. அதற்குள் கால் தசைகள் கரைந்து, முதுகின் கீழே படுக்கைப் புண் வந்துவிட்டது. அறுவை முடிந்தும் அவரைக் கட்டிலைவிட்டு இறக்கி நிற்க வைக்க யாரும் வரவில்லை. பிசியோதெரபி வேறு கட்டடத்தில் இருந்தது, நோயாளியை அங்கே கொண்டுபோக வேண்டியது எங்கள் வேலையாம். டிஸ்சார்ஜ் சீட்டில் 'நல்ல நிலையில் வீடு திரும்பினார்' என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்று அம்மா கழிப்பறைக்குப் போக நானோ என் அண்ணியோ வர வேண்டும். நாங்கள் வேலைக்குப் போகும் நாட்களில் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்.

அந்த மருத்துவமனையின் ஏடுகளில் இது வெற்றி. உங்கள் ஆயுள் கணக்கிலும் வெற்றிதான், அம்மா உயிரோடு இருக்கிறார். அவர் இழந்தது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. என் கோபம் அதில்தான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. கொரோனாவுக்கு முந்தைய 2019ஆம் ஆண்டுக்கு உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டபடி, இந்தியரின் சராசரி ஆயுள் 70.8 ஆண்டுகள், ஆரோக்கிய ஆயுள், அதாவது நலமாக வாழும் ஆண்டுகள், 60.3. இடைவெளி பத்து ஆண்டுக்கு மேல். கடைசிப் பத்து ஆண்டும் எல்லோரும் படுத்த படுக்கையாகிறார்கள் என்று இதற்குப் பொருளில்லை. இளவயது முதுகுவலி, ரத்தசோகை, மனச்சோர்வு என்று வாழ்நாள் முழுக்க இழந்த நலத்தையெல்லாம் கூட்டி வந்த தொகை அது. ஆனால் முதுமையில்தான் அதன் சுமை அதிகம். இன்னொன்றையும் பாருங்கள்: அதே மதிப்பீட்டில் பெண்களின் ஆயுள் 72.2, ஆண்களின் ஆயுள் 69.5. ஆரோக்கிய ஆயுளோ பெண்களுக்கு 60.4, ஆண்களுக்கு 60.3. பெண்கள் கூடுதலாக வாழும் ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டும் கிட்டத்தட்ட முழுவதுமாக நோவிலும் இயலாமையிலும் போகிறது. மூட்டுத் தேய்மானமும் எலும்பு மெலிவும் ஆளை உடனே கொல்வதில்லை. அதனால் இறப்புக் கணக்கை மட்டும் பார்ப்பவர் கண்ணில் அவை படுவதே இல்லை.

இதை மாவட்ட அளவில் கணக்கிடுவது கடினம் என்று சொல்லிவிடாதீர்கள். சல்லிவன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1971இல் வகுத்த எளிய முறை இருக்கிறது. விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ஒரு மாவட்டத்தில் 75 வயதை எட்டிய 1,000 பெண்கள் அடுத்த ஐந்தாண்டுகளில், இடையே இறப்பவர்கள் போக, மொத்தம் 4,200 ஆண்டுகள் வாழ்கிறார்கள் என்று வையுங்கள். அந்த வயதுப் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அன்றாட வேலைக்குப் பிறர் உதவி வேண்டும் என்கிறார்கள். அந்த நாற்பது விழுக்காட்டைக் கழித்தால் 2,520 நலமான ஆண்டுகள் மிஞ்சும். ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் இப்படிச் செய்து, கூட்டி, தொடக்கத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் விடை வந்துவிடும். இறப்புப் பதிவு உங்களிடம் இருக்கிறது. இல்லாதது, உயிரோடு இருப்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

ஜப்பானில் மூன்றாண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய வாழ்க்கைநிலைக் கணக்கெடுப்பில் அதைத்தான் கேட்கிறார்கள்: உடல்நலக் கோளாறால் உங்கள் அன்றாட வாழ்வு இப்போது பாதிக்கப்படுகிறதா? அந்தப் பதிலை வைத்து ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஆரோக்கிய ஆயுளை வெளியிடுகிறார்கள். 2019இல் அங்கே பெண்களின் ஆயுள் 87.45, ஆரோக்கிய ஆயுள் 75.38. அங்கும் இடைவெளி பன்னிரண்டு ஆண்டு இருக்கிறது. அவர்கள் அளக்கும் முறை வேறு என்பதால் நம் எண்ணோடு அதை நேராக ஒப்பிட முடியாது. ஆனால் ஆயுள் கூடுவதைவிட ஆரோக்கிய ஆயுள் கூடுதலாக வளர வேண்டும் என்று 2013இல் தொடங்கிய தேசிய நலத் திட்டத்தில் இலக்கே வைத்தார்கள். அளவுகோல் இருந்ததால்தான் அப்படி இலக்கு வைக்க முடிந்தது.

நம் ஊருக்கு அந்தக் கேள்வியைச் சற்று மாற்ற வேண்டியிருக்கும். நம் பாட்டிமாரிடம் 'உடம்பு எப்படி இருக்கு?' என்றால், 'எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்' என்றுதான் சொல்வார்கள். மகன் காதில் விழுமே என்ற தயக்கமும் இருக்கும். ஆகவே செயலைக் கேளுங்கள். யார் துணையும் இல்லாமல் குளிக்க முடிகிறதா? கழிப்பறைக்குப் போய்வர முடிகிறதா? தரையில் உட்கார்ந்தால் எழ முடிகிறதா? மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கியதிலிருந்து தன்னார்வலர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு வீடாகப் போகிறார்கள். நல்ல திட்டம். அவர்கள் கையேட்டில் இந்த மூன்று கேள்விகளைச் சேர்த்து, அந்தக் கூடுதல் வேலைக்கு ஊக்கத்தொகையும் கொடுங்கள்.

கணக்கெடுப்பதால் என்ன மாறும் என்று நீங்கள் கேட்கலாம். பிரிட்டனில் 2007 முதல் இடுப்பு முறிவு நோயாளிகளுக்கெனத் தேசியப் பதிவேடு நடத்துகிறார்கள். 36 மணி நேரத்துக்குள் அறுவை நடந்ததா, மறுநாளே கட்டிலைவிட்டு இறக்கினார்களா என்று மருத்துவமனை வாரியாகப் பார்க்கிறார்கள். 2010 முதல் இங்கிலாந்தில் இத்தகைய அளவுகோல்களை எட்டும் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகையும் உண்டு. நம் காப்பீடு அறுவைக்குப் பணம் தருகிறது. நோயாளி திரும்ப நடந்தாரா என்று கேட்பதில்லை.

குறை சொல்லத் தொடங்கினால் உங்கள் துறையோடு நிற்காது. கைப்பிடி இல்லாத அரசு அலுவலகப் படிகளையும், முழங்கால் வலிக்காரர் ஏற முடியாத பேருந்துகளையும் யாரிடம் சொல்வது? எண்பது வயதை எட்டாத ஏழை முதியவருக்கு ஒன்றிய அரசு தரும் ஓய்வூதியப் பங்கு 2007 முதல் மாதம் 200 ரூபாயிலேயே நிற்கிறது. அதில் ஒரு நாள் பராமரிப்பாளரைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. கட்டிலோடு கட்டிலாய்க் கிடக்கும் ஆண்டுகளின் முழுச் செலவும் மகள், மருமகள் தலையில் விழுகிறது. அவர்கள் விட்ட வேலையையும் யாரும் கணக்கெடுப்பதில்லை.

இவை எல்லாவற்றையும் உங்களிடம் கேட்க முடியாது என்பது எனக்குத் தெரியும். உங்களால் முடிந்ததைத்தான் கேட்கிறேன். அறுபது வயதுக்குப் பிறகான ஆரோக்கிய ஆயுளை ஆண், பெண் என்று பிரித்து, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வெளியிடுங்கள். முதலில் இரண்டு மூன்று மாவட்டங்களில் தொடங்கினாலும் சரி. இடுப்பு முறிந்து அறுவை செய்துகொண்டவர்களை நான்கு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, நடக்கிறார்களா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். இதற்கு எப்போது தொடங்குவீர்கள் என்று ஒரு தேதியோடு பதில் தருமாறு பணிவோடு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்