"முழு நம்பிக்கை" என்று எழுதிய உயில்

அன்பு அம்மிணிக்கு,

நீ அனுப்பிய ஈக்விட்டி விடைத்தாளை நேற்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். டிரஸ்ட் என்றால் ஒருவர் சொத்தை இன்னொருவர் நன்மைக்காகக் கையில் வைத்திருக்கும் ஏற்பாடு, அது செல்ல வேண்டிய மூன்று நிச்சயங்களும் சரியாக வந்திருக்கின்றன. 1840-இல் நைட் எதிர் நைட் வழக்கில் இங்கிலாந்து நீதிபதி லாங்டேல் பிரபு சொன்னதையும் எழுதியிருக்கிறாய்: டிரஸ்ட் ஏற்படுத்தும் எண்ணம் தெளிவாக வேண்டும், எந்தச் சொத்து என்பது தெளிவாக வேண்டும், யாருக்கு என்பது தெளிவாக வேண்டும். ஆனால் மூன்று கேள்விக்கும் "டிரஸ்ட் செல்லாது" என்று முடித்துவிட்டாய். செல்லாவிட்டால் சொத்து யாருக்குப் போகும்? அதைக் கேட்டுத்தானே உன் ஆசிரியர் ஓரத்தில் கோடு போட்டிருக்கிறார்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பாலக்காட்டுச் சித்தூர் கோர்ட்டில் ஜூனியராக இருந்தபோது கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அம்மா ஒருவருக்கு நானே ஒரு உயில் எழுதிக் கொடுத்தேன். இங்கே மலையாளத்துக்காரர்கள் ஒசியத்து என்பார்களே, அதுதான். அந்த அம்மாவுக்குப் பிள்ளை இல்லை, கணவரும் இல்லை. மாடு வைத்துப் பால் ஊற்றிச் சேர்த்த பணத்தில் ஒரு தென்னந்தோப்பு வாங்கியிருந்தார். அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதினேன்: "தோப்பை என் தம்பிக்குக் கொடுக்கிறேன். நம் குடும்பத்தில் கஷ்டப்படும் பிள்ளைகளை அவன் பார்த்துக்கொள்வான் என்று எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது." படித்துக் காட்டியபோது அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல உயில் என்று நினைத்தேன்.

அவர் மனதில் இருந்தது அக்காவின் இரண்டு பெண்கள். அந்தப் பெயர்களை நான் கேட்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

அம்மா போன பிறகு தம்பி ஒரு வருஷம் படிப்புச் செலவுக்குக் கொடுத்தார், அப்புறம் நிறுத்திவிட்டார். மூத்த பெண் வேறொரு வக்கீலிடம் போய் வழக்குப் போட்டாள். தம்பி வெறும் டிரஸ்டிதான், தோப்பு எங்களுக்காக அவர் கையில் இருக்கிறது என்பது அவள் வாதம்.

முதலில் எண்ணத்தைப் பார். நம் 1882-ஆம் வருஷத்து இந்திய டிரஸ்ட் சட்டத்தில் ஆறாவது பிரிவின் முதல் உதாரணமே இந்த வார்த்தைதான். இன்னாருடைய நன்மைக்காகச் செலவிடுவான் என்ற முழு நம்பிக்கையோடு சொத்தைக் கொடுத்தால் அது டிரஸ்ட் என்கிறது. ஆனால் இரண்டே வருஷம் கழித்து, 1884-இல், ஆடம்ஸ் வழக்கில் இங்கிலாந்துக் கோர்ட் வேறு மாதிரி சொன்னது. பிள்ளைகளுக்கு எது நியாயமோ அதை மனைவி செய்வாள் என்ற முழு நம்பிக்கையோடு கணவர் சொத்தைக் கொடுத்திருந்தார். சொத்து முழுக்க மனைவிக்கே, பிள்ளைகளுக்காக டிரஸ்ட் இல்லை என்று தீர்ப்பு. அதே வார்த்தை 1905-இல் காமிஸ்கி வழக்கில் மறுபடி வந்தது, அங்கே டிரஸ்ட் என்றார்கள். காரணம், அந்த உயிலில் கூடவே இன்னொரு வரி இருந்தது: மனைவி பிரித்துக் கொடுக்காவிட்டால் எழுதினவருடைய உடன்பிறந்தார் மகள்களுக்குச் சமமாகப் போக வேண்டும் என்று. அவள் செய்யாவிட்டாலும் நடந்தே தீர வேண்டும் என்றால் அது கட்டளை. நீ வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு, "முழு நம்பிக்கை என்றால் டிரஸ்ட் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். உயில் முழுவதையும் படித்து, வாங்கியவர் கொடுக்க மறுத்தால் என்ன ஆகும் என்று எழுதினவர் நினைத்திருக்கிறாரா என்று தேடு. என் உயிலில் அப்படி ஒரு வரியும் கிடையாது.

சரி, எண்ணம் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது யாருக்கு என்பது. "கஷ்டப்படும் பிள்ளைகள்" யார்? ஃபீஸ் கட்ட முடியாதவளா, கடனில் தோட்டம் விற்றவனா? 1970-இல் இங்கிலாந்தின் மேல்கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த மெக்பெயில் எதிர் டௌல்டன் வழக்கு, விருப்பப்படி பிரித்துக் கொடுக்கும் டிரஸ்டுக்குப் பெயர்ப் பட்டியல் முழுவதும் வேண்டாம் என்றது. யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் இவர் கூட்டத்தில் சேர்ந்தவரா இல்லையா என்று சொல்ல முடிந்தால் போதும். "கஷ்டம்" அதற்கே நிற்காது, ஏனென்றால் எல்லை எங்கே என்று வார்த்தையிலேயே இல்லை. நம் சட்டம் இன்னும் கண்டிப்பு. இன்னாருடைய குடும்பத்தில் தகுதியானவர் என்று நீ நினைப்பவருக்குக் கொடு என்றால்கூட டிரஸ்ட் ஆகாது என்று ஆறாவது பிரிவின் மூன்றாவது உதாரணம் சொல்கிறது.

இங்கேதான் நீ விட்ட இடம். எண்ணமே இல்லை என்றால் தம்பிக்குத் தோப்பு முழுச் சொந்தம். எண்ணம் இருந்து, ஆள் மட்டும் தெளிவில்லை என்றால், தம்பி டிரஸ்டி ஆகிவிடுகிறார், அவர் வைத்துக்கொள்ள முடியாது. எழுதினவருடைய சட்டப்படியான வாரிசுக்குத் திரும்ப வேண்டும். நீ படிக்கிற இங்கிலாந்துச் சட்டத்தில் ரிசல்டிங் டிரஸ்ட் என்பார்கள், நம் சட்டத்தில் 83-ஆவது பிரிவு. அந்த அம்மாவின் வாரிசு யார்? சொந்தச் சம்பாத்தியம், பிள்ளையும் கணவரும் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 15-ஆவது பிரிவுப்படி கணவருடைய வாரிசுகளுக்குப் போகும். மிச்சச் சொத்து இன்னாருக்கு என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதைத் தடுத்திருக்கலாம், அதையும் நான் எழுதவில்லை.

வழக்கின் நடுவில் கணவருடைய அண்ணன் மகன்கள் வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மா விதவையான நாளிலிருந்து அந்த வாசலை மிதிக்காதவர்கள். "இது டிரஸ்ட்தான், அந்தப் பெண் சொல்வது சரி. ஆனால் ஆள் யார் என்று தெளிவில்லை, அதனால் தோப்பு எங்களுக்கு" என்றார்கள். அந்தப் பெண் பாதி ஜெயித்தால் தோப்பு அவர்களுக்குப் போய்விடும். அதைப் புரிந்துகொண்டு அவள் வழக்கை வாபஸ் வாங்கினாள். தோப்பு தம்பியிடமே நின்றது. அவள் படிப்பு நின்றுபோனது. கோர்ட் வராந்தாவில் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனாள், அந்த முகம் இன்றும் மறக்கவில்லை.

சொத்துத் தெளிவு பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதே உயிலில் பேங்கில் கிடந்த 2 லட்சத்தைத் தம்பிக்குக் கொடுத்து, "இதில் பெரும்பகுதியை என் அக்கா பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியது" என்று எழுதியிருந்தேன். கட்டளை தெளிவு, ஆளும் தெளிவு. ஆனால் 1,01,000 ரூபாயும் பெரும்பகுதி, 1,90,000-உம் பெரும்பகுதி. 1854-இல் பால்மர் எதிர் சிம்மண்ட்ஸ் இந்த வார்த்தையில்தான் விழுந்தது. இங்கே பணம் வாரிசுக்குத் திரும்பாது, தம்பிக்கே. முதலில் முழுதாகக் கொடுத்தாகிவிட்டது, அதிலிருந்து எவ்வளவு பிரிப்பது என்று தெரியாததால் கொடுத்தது அப்படியே நிற்கிறது. "நியாயமான வருமானம்" என்றிருந்தால் 1965-ஆம் வருஷத்து கோலே வழக்குப்படி கோர்ட் அளந்து சொல்லியிருக்கும், ஒருவருடைய வாழ்க்கை நிலையை வைத்து அளக்க முடியும் என்பதால். பெரும்பகுதியை எதை வைத்து அளப்பது?

ஆக, ஒவ்வொரு கேள்வியிலும் இந்த வரிசையில் போ: எண்ணம் உண்டா, சொத்து எது, ஆள் யார். எங்கே விழுந்தது என்று தெரிந்ததும், விழுந்த இடத்தைப் பொறுத்துச் சொத்து யார் கையில் என்று ஒரு வரி எழுது.

இன்று எழுதினால் அந்தத் தோப்பு வரியை இப்படி எழுதுவேன்: "ரீசர்வே நம்பர் இன்னது, இத்தனை சென்ட் தோப்பை என் தம்பி டிரஸ்டியாக வைத்திருந்து, வருஷ வருமானத்தில் பாதியை என் அக்கா மகள்கள் இன்னார், இன்னார் இருவருக்கும் 25 வயது முடியும்வரை சமமாகக் கொடுக்க வேண்டியது. மீதிப் பாதி வருமானமும், அதன்பின் தோப்பும் தம்பிக்கு."

இரண்டாம் கேள்வியை மறுபடி எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. அம்மா முறுக்குப் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள்.

அப்பா