இசைத்தூண்களில் கை வைக்குமுன் அவற்றின் சுருதியைக் குறித்து வையுங்கள்

இசைத்தூண்கள் உள்ள திருக்கோயில்களின் செயல் அலுவலர்களுக்கும், திருப்பணிக் குழுவினருக்கும், வேலையை ஏற்று நடத்தும் ஸ்தபதிகளுக்கும் வணக்கம்.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் மணிமண்டபம், சுசீந்திரம் தாணுமாலயன் கோயில், மதுரை மீனாட்சியம்மன் கோயில், அழகர்கோயில், ஆழ்வார்திருநகரி என்று இந்தத் தூண்கள் இருக்கும் இடங்களை எண்ணிவிடலாம். குடமுழுக்கை ஒட்டி நடக்கும் திருப்பணிகளில் கல்லின் தோற்றத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். வேலை முடிந்தபின் அதே சுருதி வருகிறதா என்று கேட்பதில்லை. கேட்டாலும், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அளவு கையில் இருக்காது. அந்த அளவை எடுத்து வைப்பது எப்படி, எந்த வேலையால் சுருதி எவ்வளவு மாறும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை ஒதுக்கிவிடுவோம். தூண் உள்ளே குடையப்பட்டிருக்கிறது, அதனால்தான் ஒலிக்கிறது என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் ஹம்பி விட்டலர் கோயிலில் மீயொலி கொண்டு சோதித்தபோது, அங்குள்ள தூண்கள் திடக்கல் என்றே தெரிந்தது. ஒலி வருவது வளைவதால். தட்டும்போது சிறுதூண் கண்ணுக்குத் தெரியாத அளவு வில்லாக வளைந்து மீள்கிறது. பாதம், நடுத்தூண், சுற்றியுள்ள சிறுதூண்கள், தலை எல்லாம் ஒரே கல்லில் செதுக்கப்பட்டவை என்பதுதான் இதில் முக்கியம். இரு முனையிலும் இணைப்பு இல்லை. இணைப்பு இருந்தால் உராய்வு அங்கே அதிர்வைத் தின்றுவிடும், ‘டொக்’ என்று நின்றுபோகும்.

சுருதியை முடிவு செய்பவை மூன்று: கல்லின் விறைப்பு, சிறுதூணின் பருமன், அதன் சுதந்திர நீளம், அதாவது எதையும் தொடாமல் நிற்கும் பகுதியின் உயரம். பருமன் இருமடங்கானால் அதிர்வெண்ணும் இருமடங்காகும். நீளம் இருமடங்கானாலோ அதிர்வெண் கால்பங்காகிவிடும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 8 செ.மீ. சதுரம், 120 செ.மீ. சுதந்திர நீளம் உள்ள ஒரு கருங்கல் சிறுதூண். நல்ல கருங்கல்லுக்குக் கணக்குப்படி ஏறத்தாழ 248 ஹெர்ட்ஸ் வரும். நிஜத்தில் பாதமும் தலையும் சற்றே இளகிக் கொடுக்கும், கட்டும் பட்டையுமாகச் செதுக்கிய தூண் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனாகவும் இராது. ஆகவே கணக்கை வைத்துச் சுருதியை நிர்ணயிக்க முடியாது, தட்டிக் கேட்டு அளக்கத்தான் வேண்டும். ஆனால் மாற்றம் எவ்வளவு என்று மதிப்பிட இந்தக் கணக்கு போதும். ஒரு சுரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் 6 விழுக்காடு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தூணைச் சுத்தம் செய்கிறோம் என்று மணல் பீய்ச்சியோ, கிரைண்டர் ஓட்டியோ நான்கு முகத்திலும் 1 மி.மீ. எடுத்துவிட்டால், 80 மி.மீ. பருமன் 78 ஆகிறது. சுருதி இரண்டரை விழுக்காடு இறங்கும், கிட்டத்தட்ட அரைச் சுரஸ்தானம். பயிற்சி உள்ள காது இதை உடனே கண்டுபிடித்துவிடும். எடுத்த கல்லைத் திருப்பி ஒட்டவும் முடியாது.

தரைவேலையில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. சிறுதூண்களின் அடியில் தூசி சேரும் இடுக்குகளை ‘பலத்துக்காக’ சிமெண்ட் கலவையால் நிரப்பிவிடுகிறார்கள். 3 செ.மீ. உயரம் நிரப்பினாலும் சுதந்திர நீளம் 117 செ.மீ. ஆகி, சுருதி 5 விழுக்காடு ஏறும், ஏறக்குறைய அடுத்த சுரமே வந்துவிடும். கலவை சரியாகப் பிடிக்காமல் விரிசலோடு நின்றால் இன்னும் மோசம், சுரமே போய் வெறும் தட்டல் ஓசை மிஞ்சும். பழைய கலவை ஏற்கெனவே இருந்தால் மர ஆப்பு, சிற்றுளி கொண்டு கையால் எடுங்கள். அமிலம் ஊற்ற வேண்டாம்.

சுண்ணாம்பும் பெயிண்டும் வேறு வகை. அவை எடையைக் கூட்டும், விறைப்பைக் கூட்டாது. பல பூச்சு சேர்ந்து 2 மி.மீ. கனமானால் சுருதி சுமார் 3 விழுக்காடு இறங்கும், ஒலி நீண்டு நிற்கும் கார்வையும் சுருங்கும். இது நல்ல செய்தியும்கூட, பூச்சைப் பக்குவமாக நீக்கினால் பழைய ஒலி திரும்பும். மின்கம்பி கட்டுவது, விளக்குக்குத் துளை போடுவது, கம்பி வேலியைத் தூணோடு பிணைப்பது ஆகியவை கூடாது. வேலி தனியே நிற்கட்டும்.

மேலே உள்ள உத்திரத்தின் பாரம்தான் சுருதியைத் தருகிறது என்பாரும் உண்டு. நாம் எடுத்துக்கொண்ட தூணின் மீது 5 டன் ஏறினாலும் மாற்றம் அரை விழுக்காடு அளவுதான், பாரத்தின் பெரும்பங்கை நடுத்தூணே தாங்குகிறது.

இனி அளவெடுப்பது. நடைசாத்திய நேரத்தில், மின்விசிறிகளை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். மண்டபத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு சிறுதூணுக்கும் எண் கொடுங்கள், கல்லில் எழுதாதீர்கள். தோல் சுற்றிய சிறு மரச்சுத்தியால் தூணின் நடு உயரத்தில் மெல்லத் தட்டி, ஒரு சாண் தள்ளி வைத்த ஒலிவாங்கியில் பதியுங்கள். நடுவில் தட்டுவதற்குக் காரணம் உண்டு. அடிச்சுரம் அங்கேதான் அதிகம் எழும், இரண்டாம் அதிர்வு அங்கே எழவே எழாது. அடுத்தடுத்த இரு முகங்களிலும் மும்மூன்று முறை தட்டினால் போதும்.

பாடகர்கள் வைத்திருக்கும் சுருதி காட்டும் செயலியை இதில் நம்ப வேண்டாம். தந்தியில் மேலதிர்வுகள் 2, 3, 4 மடங்கு என்று வரும், செயலி அதை எதிர்பார்க்கிறது. கல்தூணில் அவை 2.76, 5.4 மடங்கு என்ற கணக்கை ஒட்டி வருவதால் செயலி குழம்பித் தவறான சுரத்தைக் காட்டக்கூடும். எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக ஒலிக்கிறது என்று அலைமாலையாக வரைந்து காட்டும் செயலியில் முதல் உச்சியின் ஹெர்ட்ஸைக் குறியுங்கள், ஒலி அடங்க எடுக்கும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

இரு முகங்களிலும் சிறிது மாறுபட்ட எண் வருவது இயல்பு, தூண் மிகச் சரியான சதுரமாக இருக்காது. ஆனால் முந்தைய பதிவைவிட அந்த வேறுபாடு பெருகி, கார்வையும் குறைந்திருந்தால் மயிரிழை விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். பக்கவாட்டில் விளக்குப் பிடித்து, குறிப்பாகச் சிறுதூண் பாதத்தோடும் தலையோடும் சேரும் மூலைகளைப் பாருங்கள். வளைவின் இழுவை அங்கேதான் அதிகம்.

பக்தர்கள் காசாலும் சாவியாலும் தட்டிய இடங்களில் கல்மணிகள் உதிர்ந்து வெளுத்த குழிகள் இருக்கும். அவற்றை மெழுகவோ இழைத்துச் சமன் செய்யவோ வேண்டாம். ஆழத்தை அளந்து பதிவில் சேர்த்தால் போதும். உடைந்து விழுந்த சிறுதூணை எபாக்சி கொண்டு ஒட்டினால் உருவம் திரும்பும், ஒலி திரும்பாது. ஒட்டியதை இசைத்தூண் என்று யாரும் தட்டிக் காட்டாதபடி பதிவேட்டில் தனியே குறித்து, அந்தத் துண்டின் நீளத்தையும் பருமனையும் ஒட்டுவதற்கு முன்பே அளந்து எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
கல்வேலையிலும் ஒலியியலிலும் ஈடுபட்டுள்ள சிலர்