மே மாத வசூல்: செயலித் தொகையும் வங்கிக் கணக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

செயலி புதுப்பித்த பிறகு டாஷ்போர்டில் மே வசூல் ரூ.2,63,500 என்று வருகிறது. பாஸ்புக்கில் ரூ.2,30,500 தான். பணம் எங்கும் போகவில்லை, கூட்டல்தான் தவறு.

தொகையை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பார்த்தேன். வங்கியில் 90 வரவுகள், செயலியில் 101 வரிகள். கூடுதலான 11 வரிகளும் பராமரிப்பு 2,500, தண்ணீர் 500 இரண்டையும் ஒரே தடவையில் கட்டிய 11 வீடுகளுடையவை. புதிய பதிப்பு ரசீதைத் தலைப்புவாரியாகப் பிரிக்கிறது. ஆனால் இரண்டு வரியிலும் முழு 3,000-ஐப் போடுகிறது. 11 × 3,000 = 33,000. வித்தியாசம் சரியாக அதுவே.

மொத்தம் பொருந்தினாலும் ஒருவர் பணம் இன்னொருவர் பெயரில் ஏறியிருக்கலாம். அதனால் யூடிஆர் எண்ணை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

1. சேர்த்துக் கட்டியவர்கள் வீட்டு எண், யூடிஆர் எண்ணின் கடைசி 4 இலக்கம் அனுப்புங்கள். சனி (ஜூன் 13) இரவு 8 மணிக்குள்.
2. செயலியில் 'முன்பணம்' என்று காட்டினால் அதை நம்பி ஜூன் தொகையைக் குறைக்க வேண்டாம்.
3. ஞாயிறு காலை 11 மணிக்கு அசோசியேஷன் அறையில் சரிபார்ப்பு. உடன் உட்கார இரண்டு பேர் வேண்டும், தயவுசெய்து பெயர் சொல்லுங்கள்.

படித்தவர்கள் 'சரி' என்று பதில் போடுங்கள்.

– பொருளாளர்