அஞ்சாவது கட்டம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஊட்டிக்கு எடுத்துப் போக வேண்டியதை எழுதி போனில் அனுப்பியிருந்தாயே, பார்த்தேன். முப்பது சாமான் ஒரே வரிசையில், பக்கத்தில் நாலு பேருக்குக் கட்டம். நான், அம்மா, நீ, குட்டி. டிக்கெட் அஞ்சு பேருக்குப் போட்டிருக்கிறேன். அவசரத்தில் விட்டிருப்பாய். நான் நீளத் தாளில் மறுபடி எழுதி இதோடு வைத்திருக்கிறேன். போனில் ஏற்றுவதென்றால் ஏற்றிக்கொள், ஆனால் கட்டத்தை மாற்றாதே.

முதலில் உன் பட்டியலில் என்ன குறை என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. 'பேஸ்ட்' என்று எழுதியிருக்கிறாய். எத்தனை, யார் கொண்டு வருவது என்று இல்லை. தண்டையார்பேட்டையிலிருந்து ஒன்று வரும், தாம்பரத்திலிருந்து ஒன்று வரும். பழம் நறுக்கக் கத்தி இரண்டு வீட்டிலிருந்தும் வராது, மற்றவர் எடுத்திருப்பார் என்று இருந்துவிடுவோம். அதனால் பொருளுக்குப் பக்கத்தில் எண்ணிக்கை, அதற்குப் பக்கத்தில் எந்தப் பை, அதற்கப்புறம்தான் ஆட்களின் கட்டம். பேஸ்ட், சோப்பு, கத்தி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரி பொதுச் சாமானுக்கு ஒரே ஒரு ஆள்தான் பொறுப்பு. அவர் கட்டம் மட்டும் காலியாக இருக்கும், மற்றவர்களுக்குச் சிறு கோடு போட்டிருக்கிறேன்.

இந்தக் கோடு முக்கியம். கோடு என்றால் இவருக்கு இது வேண்டாம். டிக் என்றால் பைக்குள் போய்விட்டது. காலி என்றால் இன்னும் வைக்கவில்லை. வேண்டாததையும் காலியாக விட்டால், கிளம்புகிற நேரத்தில் மறந்தது எது, தேவையில்லாதது எது என்று தெரியாது.

டிக் எப்போது போடுவது என்பதிலும் கறாராக இரு. பீரோவில் இருக்கிறது என்று டிக் போடக் கூடாது, கட்டிலில் எடுத்து வைத்ததற்கும் போடக் கூடாது. பைக்குள் வைத்த கை அப்படியே பேனாவை எடுக்க வேண்டும். துறைமுகத்தில் இத்தனை வருஷம் டாலி எழுதியவன் சொல்கிறேன், மூட்டை கண் முன்னால் நகரும்போதுதான் கோடு விழும். ஷெட்டில் இருக்கும் என்று நம்பி எழுதினால் கடைசியில் கணக்கு உதைக்கும்.

வகை பிரிப்பதைத் துணி, மருந்து, சாப்பாடு என்று பிரித்தால் மட்டும் போதாது. ஒரு வகை முழுதும் ஒரே பையில் உட்கார வேண்டும், அப்போதுதான் பையைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பகுதியை மட்டும் சரிபார்க்க முடியும். ஸ்வெட்டர் துணிதான், ஆனால் பெட்டிக்குள் வைத்தால் தவறு. சென்ட்ரலில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறும்போது வேர்க்கும், மேட்டுப்பாளையத்திலும் அவ்வளவாகத் தெரியாது, குன்னூர் வரும்போது குட்டிக்கு நடுங்கும். அப்போது பெட்டியைப் பிரிக்க முடியுமா? அதனால் 'வழியில் எடுப்பது' என்று தனி வகை போட்டிருக்கிறேன். ஆளுக்கு ஸ்வெட்டர் 1, குல்லா 1, ஸ்டீல் தண்ணீர் பாட்டில் 1. நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்குத் தடை, அதனால் ஐந்து பேருக்கும் பாட்டில் வேண்டும். மலையேற்றத்தில் குட்டி வாந்தி எடுப்பாள், அவள் வரியில் மூடி போட்ட டப்பா 1, சிறு டவல் 2, மாற்று உடுப்பு 1 என்று எழுதியிருக்கிறேன். அடையாள அட்டையும் இந்தப் பையில்தான், பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனி டிக். லாட்ஜில் எல்லாருடையதும் கேட்பார்கள்.

துணிக் கணக்கு இது. வியாழன் ராத்திரி உடுத்தி ஏறுவதைக் கணக்கில் சேர்க்காதே. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள். உள்ளாடை நாளுக்கு ஒன்று, மேலே ஒன்று, ஆக ஆளுக்கு 4. அங்கே மேகம் இறங்கினால் துவைத்தது காயாது, துவைத்துக்கொள்ளலாம் என்று குறைக்காதே. மேல்துணி 3 போதும், குளிரில் வேர்க்காது. சாக்ஸ் 4 ஜோடி. குட்டிக்கு மட்டும் உள்ளாடை 6.

மருந்தை நாள் கணக்கில் எழுதாதே, வேளை கணக்கில் எழுது. அம்மாவின் சர்க்கரை மாத்திரை காலை ஒன்று, ராத்திரி ஒன்று. வியாழன் ராத்திரி 1, வெள்ளி சனி ஞாயிறு மூன்று நாளும் 2 வீதம் 6, திங்கள் காலை 1, ஆக 8. ரயில் தாமதம், மலையில் மண்சரிவு என்றால் மூன்று நாள் கூடுதலாக 6, மொத்தம் 14. என் பிரஷர் மாத்திரை காலையில் மட்டும், 4, அதோடு 3, ஆக 7. அட்டையோடு கொண்டு வர வேண்டும், பிரித்து டப்பாவில் போட்டால் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும். மருந்துச் சீட்டின் நகல் 1. இது சீட்டுக்குக் கீழே தள்ளும் பெட்டியில் போகக் கூடாது, தோளில் இருக்கும் பையில்தான்.

போன தடவை அம்மாவின் மாத்திரை விட்டுப்போனதற்கு நான்தான் காரணம், உனக்குச் சொல்லவில்லை. அவள் கட்டத்தில் நானே டிக் போட்டேன். அவள் எடுத்திருப்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. இனி அவரவர் கட்டத்தில் அவரவர்தான் போட வேண்டும். குட்டிகூடத் தன் பேனாவால் போடட்டும், நீ பையைப் பார்த்து உறுதி செய்.

திரும்பி வரும்போதும் இதே தாள்தான். டிக்கின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் பெருக்கல் குறி ஆகும், அந்தச் சாமான் பைக்குத் திரும்பிவிட்டது என்று அர்த்தம். பிஸ்கட், மாத்திரை மாதிரி தீர்ந்துபோகிறவைக்குப் பக்கத்தில் 'தீ' என்று எழுதியிருக்கிறேன், அதைத் தேட வேண்டாம். லாட்ஜில் விட்டு வருவது பெரும்பாலும் பிளக்கில் மாட்டிய சார்ஜர், குளியலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் டவல், நாற்காலி முதுகில் உலர்த்திய துணி. இந்த மூன்றையும் தாளின் அடியில் தனியாக எழுதியிருக்கிறேன்.

நீ சின்னதிலிருந்தே பரீட்சைக்கு முந்தின ராத்திரி எல்லாம் எழுதி வைத்துப் படுப்பவள். உனக்கு இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. பத்து நாளாக அம்மாவிடமும் ரெண்டு வார்த்தைதான் பேசுகிறாய். குட்டி போனை எடுத்தால் 'அப்பா ஊர்ல இல்ல' என்கிறாள். அன்றைக்கு ராத்திரி நீ அழுதபோது அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா என்று சொல்லி போனை வைத்தேன். வைத்திருக்கக் கூடாது. என்னவென்று கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

தாளில் அஞ்சாவது கட்டத்தின் மேல் மாப்பிள்ளை என்று எழுதியிருக்கிறேன். பொதுச் சாமானில் குடை 2, டார்ச் 1 அவர் பொறுப்பு. அந்தக் கட்டம் முழுக்கக் காலியாகத்தான் விட்டிருக்கிறேன், கோடு போடவில்லை. போட வேண்டுமென்றால் நீ போடு, நான் ஏன் என்று கேட்க மாட்டேன், குடையை என் வரிக்கு மாற்றிக்கொள்கிறேன். நாலு பேராகப் போவதென்றாலும் போவோம், நீயும் குட்டியும் முன்னாடியே இங்கே வந்து இருப்பதென்றாலும் உன் அறையைக் கூட்டித்தான் வைத்திருக்கிறாள் அம்மா.

குட்டியின் போன வருஷத்து ஸ்வெட்டரை இன்றைக்கே போட்டுப் பார். கை ஏறவில்லை என்றால் சொல், எம்.சி. ரோட்டில் வாங்கி வைக்கிறேன்.

அப்பா