பெரிய எழுத்துப் புத்தகம் போடும் பதிப்பாளர்களுக்கு

அன்புள்ள பதிப்பாளர்களே,

வணக்கம். புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் தொழில். கடைகளில் இப்போது ‘பெரிய எழுத்துப் பதிப்பு’ என்று அட்டையில் போட்ட நாவல்கள் கண்ணில் படுகின்றன. நல்ல விஷயம். ஆனால் பிரித்துப் பார்த்தால் பலவற்றில் நடந்திருப்பது ஒன்றே ஒன்றுதான். பழைய கோப்பைத் திறந்து, 11 என்று இருந்த இடத்தில் 16 என்று மாற்றி, அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எழுபத்தைந்து வயதுக் கண்ணுக்கு அது போதாது. ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் அந்த 16 பாயிண்ட். பிரிட்டனில் பார்வைக் குறைபாடு உடையவர்களுக்கான ஆர்.என்.ஐ.பி. அமைப்பு பெரிய எழுத்துக்கு 16 பாயிண்டைத் தொடக்கமாக வைக்கிறது. அமெரிக்கப் பார்வையற்றோர் கவுன்சில் 18 என்கிறது. இரண்டும் ஆங்கில எழுத்தை வைத்துச் சொன்னவை. பாயிண்ட் என்பது எழுத்து உட்காரும் கட்டத்தின் அளவு, எழுத்தின் உயரம் அல்ல. கட்டத்துக்குள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வரைவது என்பது ஃபான்ட் செய்தவரின் இஷ்டம். விண்டோஸில் வரும் லதாவையும் விஜயாவையும் ஒரே 16 பாயிண்டில் பக்கத்தில் பக்கத்தில் அடித்துப் பாருங்கள், விஜயா பளிச்சென்று சிறியதாகத் தெரியும்.

அதனால் பாயிண்டை விட்டுவிட்டு ஸ்கேலை எடுங்கள். அச்சிட்ட தாளில் ‘க’ எழுத்தின் உயரத்தை மில்லிமீட்டரில் அளவெடுங்கள். திரையில் அல்ல, தாளில். சாதாரண நாவலில் அது ஏறக்குறைய 2 மி.மீ. இருக்கும். ஏரியல் ஃபான்ட்டில் 16 பாயிண்ட் வைத்தால் ஆங்கிலச் சின்ன எழுத்தின் உடல் சுமார் 3 மி.மீ. வருகிறது. தமிழ் எழுத்தில் சுழியும் கொம்பும் அதிகம் என்பதால் ‘க’ 3 மி.மீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது என் கணக்கு.

அடுத்தது, எந்த ஃபான்ட். ‘முதியவர்களுக்குத்தானே, போல்டாகவே போட்டுவிடுங்கள்’ என்று என்னிடம் சொல்லாத பதிப்பாளர் குறைவு. தமிழில் அது சரிப்படாது. கோடு தடித்தால் அது உள்ளே இருக்கும் வெள்ளையைத் தின்னும். ‘ண’வின் மூன்று சுழியும் ‘ன’வின் இரண்டு சுழியும் அடைந்து ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வித்தியாசம் போய்விடும், ‘பெறு’வும் ‘பேறு’வும் ஒன்றாகிவிடும். மறுபக்கம், கோடு மெலிந்தாலும் ஆபத்துதான். புள்ளி காணாமல் போகும். ‘ர’வின் அடியில் சாயும் சிறு வால் மங்கினால் அது கால் ஆகிவிடும். எனவே வேண்டியது நடுத்தரத் தடிமன், அதாவது ‘மீடியம்’. கோடு முழுவதும் ஏறக்குறைய ஒரே தடிமனாக ஓட வேண்டும், சுழிகளுக்குள் வெள்ளை தெரிய வேண்டும், புள்ளி கோட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டிலும் மீடியம் இருக்கிறது. இரண்டும் இலவசம், அச்சிலும் உரிமைச் சிக்கல் இல்லை. பழைய பதிப்பை ஸ்கேன் செய்து அப்படியே பெரிதாக்கும் வழி மட்டும் வேண்டாம். தேய்ந்த எழுத்தின் தேய்மானமும் கூடவே பெரிதாகும்.

ஃபான்ட்டைச் சோதிக்கும்போது ஒரு கவனம் தேவை. நாவலிலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்து ‘படிக்க முடிகிறதா?’ என்று கேட்டால் எல்லாப் பெரியவர்களும் ‘நன்றாகத் தெரிகிறதே’ என்றுதான் சொல்வார்கள். அறுபது வருடம் படித்துப் பழகியவர்கள், பாதிச் சொல்லைப் பார்த்தே மீதியை ஊகித்துவிடுவார்கள். ஊகிக்க முடியாததைக் கொடுங்கள். மனம், மணம், எரி, ஏரி, கொல், கோல் என்று தொடர்பில்லாத சொற்களைக் கலந்து ஒரு தாள், கேள்விப்படாத ஊர்ப்பெயர்கள் நாலைந்து. வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே ஃபான்ட் தோற்கிறது. வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில், கையில் பிடிக்கும் தூரத்தில் செய்ய வேண்டும். அச்சகத்தின் பளீர் விளக்கில் எல்லா ஃபான்ட்டும் நல்ல ஃபான்ட்தான்.

இனி தாள். இங்கேதான் கணக்குப் போட வேண்டும். டெம்மி 1/8 அளவில் 256 பக்க நாவல் ஒன்று, 11 பாயிண்ட் எழுத்து, 15 பாயிண்ட் வரி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். எழுத்தை ஒன்றரை மடங்காக்கினால் 16.5 பாயிண்ட், வரி இடைவெளி 22.5. நீளத்திலும் அகலத்திலும் ஒன்றரை மடங்கு என்பதால் பக்கம் 2.25 மடங்கு ஆகும். 576 பக்கம், அதாவது 16 பக்க ஃபாரம் 36. இதை 80 ஜி.எஸ்.எம். தாளில் அடித்தால் உள்தாள் மட்டுமே 690 கிராம் தாண்டும். மூட்டுவலி உள்ள கை அதை எத்தனை நிமிடம் தூக்கிப் பிடிக்கும்? 70 ஜி.எஸ்.எம்.மில் இரண்டு பாகமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 288 பக்கம், உள்தாள் சுமார் 300 கிராம். கையில் நிற்கும். இரண்டு அட்டை, இரண்டு பைண்டிங் என்று செலவு கூடும், தெரிந்தேதான் கேட்கிறேன். பக்கத்தை மிச்சம் பிடிக்க வரி இடைவெளியில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள். மேல்வரியின் ‘கூ’, ‘ழு’ கீழே இறங்கும், கீழ்வரியின் ‘கி’, ‘கீ’ மேலே ஏறும். இரண்டும் முட்டினால் வரியைத் தொடர முடியாது.

வெள்ளை வெளேர் என்ற தாளும் ஆர்ட் பேப்பரும் வேண்டாம். கண்புரை தொடங்கிய கண்ணுக்குள் வெளிச்சம் சிதறும். பளபளக்கும் தாளில் விளக்கின் பிம்பம்தான் தெரியும், எழுத்து தெரியாது. நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ போதும். ஆனால் பழுப்பு அதிகமானாலும் கறுப்பு எடுபடாது, மெல்லிய மஞ்சள் சாயலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.எம்.மைவிட முக்கியமானது பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் நிழலாடாமல் இருப்பது. பெரிய எழுத்தில் அந்த நிழலும் பெரிது. இரண்டு பக்கமும் அடித்த மாதிரித் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கூடவே முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி பக்கம் அமையுங்கள். அப்போது மிச்சமிருக்கும் நிழல் வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், இடைவெளியை அழுக்காக்காது. இதற்குக் காசும் செலவில்லை.

இன்னும் ஒன்று. டெம்மி பக்கத்தில் இந்த அளவு எழுத்து வைத்தால் வரிக்கு நாலைந்து சொல்தான் வரும். தமிழ்ச் சொற்களோ நீளம். இருபுறமும் சீராக்கினால் சொற்களுக்கு நடுவே லாரி போகும். வலப்புறத்தை ஏற்ற இறக்கமாகவே விட்டுவிடுங்கள். ‘அழகாக இல்லையே’ என்று உங்கள் ஆசிரியர் குழு சொல்லும். சொல்லட்டும். முதுகில் பசை மட்டும் போடாமல் தைத்துக் கட்டுங்கள். லென்ஸ் வைத்துப் படிப்பவருக்குப் புத்தகம் மேஜையில் தானாகவே விரிந்து கிடக்க வேண்டும், ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

கடைசியாக, பதிப்புரிமைப் பக்கத்தில் மூன்று தகவல் சேர்க்கக் கேட்கிறேன்: ஃபான்ட்டின் பெயர், ‘க’வின் உயரம் மில்லிமீட்டரில், ஒரு பாகத்தின் எடை கிராமில். விலைப்பட்டியலிலும் போட்டால் இன்னும் நல்லது. வெளியூரில் இருக்கும் அப்பாவுக்குத் தபாலில் புத்தகம் அனுப்ப நினைக்கும் மகள் வாங்குவதற்கு முன்பே அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு பக்க வடிவமைப்பாளர்